நிழற்பேச்சு: ஒன்பது வினாடி ஒலித்துண்டில் ஜப்பானிய மொழி பயின்ற முறை

ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலை என்-5 என்று அழைக்கப்படுகிறது. மொத்தம் 180 மதிப்பெண். தேர்ச்சிக்கு 80 போதும். ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு. கேட்டல் பகுதிக்குரிய 60 மதிப்பெண்ணில் 19க்குக் குறைந்தால், மொத்தம் எவ்வளவு எடுத்திருந்தாலும் தோல்விதான். நான் முதன்முறை எழுதியபோது மொத்தத்தில் 97 பெற்றேன், கேட்டலில் 17. எழுத்தும் இலக்கணமும் கைவந்திருந்தும் காது கைவிட்டுவிட்டது. அத்தேர்வில் ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் ஒலிக்கச் செய்வார்கள். முதல் சொல்லை அடையாளம் கண்டு நிமிர்வதற்குள் வாக்கியம் முடிந்து, அடுத்த வினாவும் தொடங்கிவிடும்.

அதன்பின் ஓராண்டு நான் கைக்கொண்ட பயிற்சியைப் பற்றியே இக்கட்டுரை. ஆங்கிலத்தில் இதனை ‘ஷாடோயிங்’ என்பார்கள். நிழற்பேச்சு என்று நாம் சொல்லலாம். ஒருவர் பேசும் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே, அவர் நிறுத்தும்வரை காத்திராமல், ஓரிரு அசை பின்தங்கியபடி அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டு போவதுதான் இது. நடப்பவனின் காலடியிலேயே நிழல் தொடர்வதுபோல நமது பேச்சு அவர் பேச்சைத் தொடர வேண்டும்.

இது மொழி வகுப்பில் பிறந்த முறையன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த காலின் செர்ரி 1953இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு காதிலும் இரண்டு வெவ்வேறு பேச்சைக் கேட்கச் செய்து, ஒரு காதில் வருவதை மட்டும் உடனுக்குடன் சொல்லுமாறு பணித்தார். மனிதனின் கவனம் எப்படி இயங்குகிறது என்று அறிவதே அவர் நோக்கம். 1973இல் வில்லியம் மார்ஸ்லன்-வில்சன் என்பவர், தாய்மொழிப் பேச்சைக் கால் வினாடி இடைவெளியில், அதாவது ஏறக்குறைய ஓர் அசை பின்தங்கி, தொடரக்கூடியவர்கள் சிலர் இருப்பதைக் காட்டினார். மற்றையோர் அரை வினாடிக்கும் மேலாகப் பின்தங்கினர். உடன்மொழிபெயர்ப்பாளர்களைப் பயிற்றும் இடங்களிலும் இம்முறை புகுந்தது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனைப் பெரிதும் கையாள்கிறார்கள். அவர்கள் ஆங்கிலத்துக்குச் செய்வதை நான் அவர்கள் மொழிக்குச் செய்தேன், அவ்வளவே.

‘கேட்டுத் திருப்பிச் சொல்’ என்று பள்ளியில் செய்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்ற ஐயம் எழலாம். ஆசிரியர் சொல்லி நிறுத்தியபின் நாம் சொல்லும்போது நடுவே ஓர் ஓய்வு கிடைக்கிறது. அந்த ஓய்வில் மனம் கேட்ட ஒலியை நம் தாய்மொழி ஒலியாக மாற்றி எடுத்து வைத்துக்கொள்கிறது. வாய் அந்த மாற்றிய ஒலியைத்தான் சொல்கிறது. நிழற்பேச்சில் மாற்றுவதற்கு நேரம் குறைவு. காதில் விழுந்தது சூடு ஆறுமுன் நாவுக்கு வந்தாக வேண்டும். அதனால்தான் எந்த ஒலி நமக்குக் கேட்கவில்லையோ அந்த இடத்தில் நாக்கு இடறுகிறது. அப்படி இடறும் இடங்களைக் குறித்துக்கொள்வதே இப்பயிற்சியின் முதற்பயன் என்று எண்ணுகிறேன்.

ஒலித்துண்டு சிறியதாக இருக்க வேண்டும். ஐந்து வினாடி முதல் பதினைந்து வினாடி வரை போதும். நான் முதலில் இரண்டு நிமிட உரையாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் வீணாக்கினேன். ராகம் போன்ற ஒரு முனகல்தான் மிஞ்சியது. பிறகு எடுத்துக்கொண்டது ஜப்பானிய ரயில் நிலையங்களில் கேட்கும் அறிவிப்பு. சுமார் ஒன்பது வினாடி. “இரண்டாம் தடத்துக்கு விரைவில் ரயில் வருகிறது; அபாயம் ஆகையால் மஞ்சள் கோட்டுக்கு உட்புறமாகப் பின்வாங்கி நில்லுங்கள்” என்பது அதன் பொருள். தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி வரும்:

மமொனகு, நிபன்சென் நி தென்ஷ க மஇரிமசு. அபுனஇ தெசு கர, கீரொஇ சென் நொ உசிகவ மதெ ஒசகரி குதசஇ.

இதை யாரும் இப்படியே படித்துவிட வேண்டாம். படித்தால் என்ன கெடும் என்று காட்டவே எழுதினேன். ‘மமொனகு’ என்பதன் இறுதி க, ‘கடல்’ என்பதன் முதல் க போல ஒலிக்க வேண்டும். தமிழர் வாயில் அது ‘அகம்’ என்பதன் நடு க ஆகிவிடும். ‘உசிகவ’ என்பதில் ச உண்மையில் ‘அச்சு’ என்பதில் வரும் ச. அதுவும் இரட்டிக்காமல் ஒற்றையாக வர வேண்டும். நம் வாயில் அது ‘பசி’யின் ச ஆகிறது. அதே சொல்லின் க மட்டும் ‘தங்கம்’ என்பதன் க. நம் எழுத்து நம் மொழிக்குப் பொருத்தமாக அமைந்தது. சொல்லில் நிற்கும் இடத்தைக் கொண்டே வல்லினம் எப்படி ஒலிக்கும் என்று நமக்குத் தெரிந்துவிடுவதால் இரண்டு எழுத்து தேவைப்படவில்லை. ஜப்பானிய மொழியில் இடம் எதையும் தீர்மானிப்பதில்லை.

இந்த ஒரு சிக்கலைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தமிழ் மாணவருக்கு ஜப்பானிய மொழியில் உள்ள இடையூறுகளில் பாதி இதற்குள் அடங்கும். தமிழில் இரு உயிர்களுக்கு நடுவே வல்லினம் தனித்து வந்தால் மெலிந்து அதிர்வோடு ஒலிக்கும்: அது, இதோ. இரட்டித்து வந்தால் வன்மையாக ஒலிக்கும்: பத்து, சொத்து. ஒற்றையாகவும் வன்மையாகவும் உயிர்களுக்கு நடுவே வருவது நம் சொற்களில் இல்லை. ஜப்பானிய மொழியில் மூன்றும் உண்டு. ‘நூல்’ என்பதற்கான சொல்லில் ஒற்றை வன்மையான த. ‘கிணறு’ என்பதற்கான சொல்லில் மெலிந்த த. தமிழில் எழுதினால் இரண்டும் ‘இதொ’ என்றே அமையும். அதுபோலவே ‘ஒலி’ என்பதற்கான சொல்லில் ஒற்றை வன்மை. ‘கணவர்’ என்பதற்கான சொல்லில் இரட்டித்த வன்மை, அதாவது ‘ஒத்தொ’. நமக்குப் பழக்கமில்லாத நடுவான ஒன்றைக் கேட்கும்போது காது அதை இரண்டு பக்கங்களில் ஏதேனும் ஒன்றில் தள்ளிவிடுகிறது. ஒன்று மெலிந்ததாகக் கேட்கிறோம். அல்லது இரட்டித்ததாகக் கேட்கிறோம்.

திருப்பெரும்புதூர்ப் பகுதியில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் அண்ணன் ஒருவரிடம் என் ஒலிப்பதிவைக் கேட்கக் கொடுத்தேன். “அந்த ஒலி பெரிதாக இருக்கிறது” என்று ஜப்பானிய மொழியில் சொல்லியிருப்பதாக எனக்கு எண்ணம். கேட்டுவிட்டு அவர் சிரித்தார். “தம்பி, நீ சொல்வது ஒலி இல்லை. யாரோ ஒருவருடைய கணவர் பெரிதாக இருக்கிறார்” என்றார். மெலிந்துவிடக் கூடாதே என்று அஞ்சி நான் இரட்டித்துவிட்டிருந்தேன். இத்தவறு முன்னதைவிடத் தீயது. ஏனெனில் திருத்திக்கொண்டோம் என்ற நினைப்போடு செய்கிறோம்.

இனி ஒன்பது வினாடித் துண்டை வைத்துக்கொண்டு செய்ததைச் சொல்கிறேன். நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், பத்து நாள்.

முதல் நாள் எழுத்தைப் பாராமல் மூன்று முறை கேட்டு, கேட்டதை எழுதினேன். ‘தென்ஷ’ கிடைத்தது, ரயில் என்று தெரியும். ‘மஇரிமசு’ ஒருவாறு கிடைத்தது. இரண்டாம் வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘தெஸ்கர’ என்று ஏதோ புதிய சொல் வந்தது. அகராதியில் தேடியும் காணவில்லை. பிறகு எழுத்து வடிவைப் பார்த்தபோது வெட்கமாகிவிட்டது. ‘தெசு’ என்பதும் ‘கர’ என்பதும் முதற்பாடத்திலிருந்தே நான் அறிந்த சொற்கள்! வன்மையான இரு மெய்களுக்கு நடுவே அகப்பட்ட உகரமும் இகரமும் அம்மொழியில் குரலை இழந்துவிடும். வாய் அந்த உயிருக்குரிய வடிவில் நிற்கும், காற்று மட்டும் செல்லும். தேர்வில் நான் 17 வாங்கியதன் காரணம் அந்த இடத்தில் எனக்குப் புரிந்தது. எனக்குத் தெரியாத சொற்களால் நான் தோற்கவில்லை. தெரிந்த சொற்களைக் கண்ணால் மட்டுமே தெரிந்து வைத்திருந்தேன்.

நம் குற்றியலுகரம் போலத்தானே இது என்று தமிழ் பயிலும் நண்பர்கள் கேட்கலாம். ஒருவகையில் ஆம். ஆனால் குற்றியலுகரம் மாத்திரையில் குறைகிறது, குரல் அடங்குவதில்லை. ஜப்பானிய உகரத்தில் குரல் அடங்கிவிடுகிறது, மாத்திரை குறைவதில்லை. ‘தெசு கர’ என்பதில் ஸகர ஓசை உகரத்தின் நேரத்தையும் தானே நிரப்பிக்கொண்டு நிற்கும். இதனை அறியாமல் ‘தெஸ்கர’ என்று சட்டென்று தாவினால் அரை மாத்திரை முந்திவிடுவோம். நிழற்பேச்சில் இது உடனே புலப்படும். நிழல் உருவத்துக்கு முன்னே போய்விடும்.

மாத்திரையைப் பற்றி இன்னொன்று. தொல்காப்பியம் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று வகுத்திருப்பது நாம் அறிந்ததே. ஜப்பானிய மொழியும் மாத்திரைக் கணக்கில் நடப்பதுதான். குறிலும் நெடிலும் நம்மைப் போலவே. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் அங்கே தடுமாறும்போது நமக்கு அது இயல்பாக வருகிறது. வேறுபாடு மெய்யில் உள்ளது. அசையின் இறுதியில் நிற்கும் ன் அங்கே முழு மாத்திரை பெறும். இரட்டிக்கும் வல்லினத்தின் முதற்பகுதியும் அவ்வாறே. ‘சென்’ என்பது நமக்கு ஒன்றரை, அவர்களுக்கு இரண்டு. ‘நிபன்சென் நி’ என்ற தொடர் ஆறு மாத்திரை. நான் ஐந்தில் முடித்துக்கொண்டிருந்தேன். அறிவிப்பு முழுவதும் 48 மாத்திரை. விரலால் மேசையில் 48 தட்டு தட்டிக்கொண்டு இரண்டு நாள் சொன்ன பிறகே ன் தன் முழு நேரத்தைப் பெற்றது. அறைத் தோழர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் எழுத்தைப் பார்த்துக்கொண்டே ஒலிப்பதிவோடு சேர்ந்து படித்தேன். எழுத்து என்றால் ஜப்பானிய ஹிரகானா எழுத்து, தமிழ் எழுத்தன்று. மூன்றாம் நாள் எழுத்தை மூடிவிட்டு, குரலின்றி உதடும் நாவும் மட்டும் அசைத்துத் தொடர்ந்தேன். இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் நம் குரல் நம் தலையெலும்பு வழியாகவே செவிக்குள் எட்டிப் பதிவின் குரலை மூடிவிடுகிறது. தொடக்கத்தில் குரலைத் தவிர்த்தால்தான் பதிவு தெளிவாகக் கேட்கும். நான்காம் நாளிலிருந்து குரலோடு தொடர்ந்தேன்.

‘கீரொஇ சென் நொ உசிகவ மதெ’ என்ற இடத்தில் நாக்கு நாள்தோறும் இடறியது. இடறும் இடத்தை முன்னிருந்து மீண்டும் மீண்டும் முட்டுவதில் பயனில்லை. பின்னிருந்து கட்ட வேண்டும். கடைசிச் சொல்லாகிய ‘குதசஇ’ மட்டும் முதலில். பின் ‘ஒசகரி குதசஇ’. பின் ‘மதெ’ சேர்த்து. பின் ‘உசிகவ’ சேர்த்து. இவ்வாறு சென்றால் ஒவ்வொரு முறையும் பழகாத இடத்திலிருந்து பழகிய இடத்துக்கு நகர்கிறோம். இதில் ஒரு பொறியும் உண்டு. ‘குதசஇ’ தனியே நிற்கும்போது அதன் க சொல் முதலில் இருப்பதால் நம் வாயிலும் வன்மையாகவே வரும். ‘ஒசகரி’யோடு சேர்த்தவுடன் இரு உயிர்களுக்கு நடுவே அகப்பட்டு மெலிந்துவிடும். சேர்க்கும்போதெல்லாம் அந்த ஓர் எழுத்தின்மேல் காதை வைத்திருந்தேன்.

ஒற்றை வன்மையை வாய்க்குப் பழக்க நான் கண்ட வழி இது. ‘நூல்’ என்னும் சொல்லுக்கு முதலில் ‘இ’ என்று சொல்லி நிறுத்தி, ‘தொட்டி’ என்பதன் முதல் ‘தொ’வைத் தனியே சொல்வேன். சொல் முதலாகையால் வன்மை தானே வரும். பிறகு நடுவிலுள்ள இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வருவேன். இடைவெளி மிகுந்தால் இரட்டித்த ஒலியாகும். அடியோடு மறைந்தால் மெலிந்துவிடும். நடுவே ஓர் இடம் இருக்கிறது.

அந்த இடத்தைக் காது சொல்லாதபோது கண்ணால் பார்க்கலாம். ‘ஆடாசிட்டி’ என்ற இலவசச் செயலியில் பதிவைத் திறந்தால் ஒலி அலை வடிவமாகத் தெரியும். வன்மையான த வருமிடத்தில் நாக்கு காற்றை அடைத்து நிற்கும் நேரம் அலையற்ற சமதளமாகக் காணப்படும். மெலிந்த த வாயின் அந்தச் சமதளத்தில் சிறு நெளிவுகள் தொடர்ந்து ஓடும். குரல்நாண் நிற்காமல் அதிர்வதன் அடையாளம் அது. இரட்டித்தால் சமதளம் ஒற்றையினதைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ நீளும். என் ‘ஒலி’யையும் பதிவில் உள்ளவரின் ‘ஒலி’யையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அவருடைய சமதளத்தைப்போல என்னுடையது இரு மடங்கு இருந்தது. அண்ணன் சொன்ன கணவர் அங்கே தெளிவாகத் தெரிந்தார்.

ஆறாம் நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் கடைசி ஒரு முறையைப் பதிவு செய்தேன். ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்து ஒலித்துண்டைக் கேட்டேன். மறு காதை என் குரலுக்கு விட்டுவிட்டு, வேறொரு கைப்பேசியில் பதிவு செய்தேன். இது இல்லாமல் நிழற்பேச்சு செய்பவர்கள் தம்மை ஏமாற்றிக்கொள்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. தொடர்ந்து பேசும்போது எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். பதிவைப் போட்டால்தான் ‘மமொனகு’ மெலிந்து கிடப்பது தெரியும். ஒரே தடவையில் எல்லாத் தவறுகளையும் தேடுவதும் கூடாது. இன்று க மட்டும். நாளை ன் மட்டும். மறுநாள் சுருதி மட்டும் என்று நான் வைத்துக்கொண்டேன்.

சுருதி என்பது தனிப் பாடம். இங்கே ஒரு சொல்தான் சொல்வேன். டோக்கியோ வழக்கில் ‘ஹஷி’ என்பதன் முதலசை உயர்ந்து அடுத்தது தாழ்ந்தால் உணவு உண்ணும் குச்சிகள். முதலசை தாழ்ந்து அடுத்தது உயர்ந்தால் பாலம். நம் அறிவிப்பில் ‘மஇரிமசு’ என்பது ‘ம’வுக்குப் பிறகு விழும், ‘குதசஇ’ என்பது ‘ச’வுக்குப் பிறகு விழும். எங்கே விழுகிறது என்று மட்டும் கவனித்தால் தொடக்கத்துக்குப் போதும். நிழற்பேச்சில் மற்றவற்றைவிட இது எளிதில் படிகிறது. ராகம் வாய்க்கு முந்தி வந்துவிடும். வந்துவிடுவதாலேயே எழுத்தொலிகளின் குறை அதன் மறைவில் ஒளிந்துகொள்வதும் உண்டு.

எட்டாம் நாள் ஒரு விபரீதம் நேர்ந்தது. பதிவில் என் குரல் அறிவிப்பாளரின் குரலுக்கு முன்னே வந்திருந்தது. துண்டு மனப்பாடமாகிவிட்டது என்பதன் பொருள் அது. காது உறங்க, நாக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தது. ஒப்பித்தலில் வாய்க்குச் சிறிது பயன் உண்டு, காதுக்கு இல்லை. இதற்கு மருந்து, அதே அறிவிப்பை வேறொருவர் குரலில் எடுத்துக்கொள்வது. பெண் குரலுக்குப் பதில் ஆண் குரல் பேசிய பதிவு ஒன்றைத் தேடி எடுத்தேன். அவர் ‘உசிகவ’வின் க-வை ஏறக்குறைய நம் ங போலவே ஒலித்தார். டோக்கியோவின் பழைய வழக்கு அது. வானொலி அறிவிப்பாளர்களும் அதைப் போற்றி வந்தவர்கள். முதல் முறை அங்கே திகைத்து நின்றுவிட்டேன். உறங்கிய காது விழித்துக்கொண்டது என்று அதனால் அறிந்தேன்.

வேகத்தைக் குறைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஒலிகளை அடையாளம் காண முக்கால் வேகத்தில் இரண்டு முறை கேட்பதில் தவறில்லை. அதிலேயே பழகிவிடக் கூடாது. இயல்பான வேகத்தில் தொடர முடியாவிட்டால் வேகத்தைக் குறைப்பதைவிடத் துண்டைக் குறைப்பதே மேல்.

பொருள் தெரியாத துண்டை எடுத்துக்கொண்டு கிளிப்பிள்ளை போலத் தொடர்வோரும் உளர். முதல்நாள் கேட்டு எழுதியபின் பொருளைச் சொல்லுக்குச் சொல் தெரிந்துகொண்டுவிட வேண்டும். அவ்வாறு செய்தும் இப்பயிற்சி சொல்வளத்தைத் தராது. நீண்ட உரையின் கருத்தைப் பற்றிக்கொள்ளும் ஆற்றலையும் நேரடியாகத் தராது. ஓடும் பேச்சில் தெரிந்த சொல்லைத் தெரிந்த சொல்லாகக் கேட்கும் ஆற்றலைத்தான் தருகிறது. அதனால் தொடக்க நிலையினருக்கும் இடைநிலையினருக்குமே இது மிகவும் உதவும். வாயின் தவறுகளும் தாமே திருந்திவிடா. பதிவும், கேட்டுச் சொல்ல ஒருவரும் வேண்டும்.

அந்த ஓராண்டில் மொத்தம் இருபத்திரண்டு துண்டுகள் முடித்தேன். அடுத்த தேர்வில் கேட்டலில் 38 கிடைத்தது. மூன்றாம் வினாவில் ஒரு பெண்மணி ‘தெசு கர’ என்றார். இரண்டு சொல்லாகவே கேட்டது. சென்ற மாதம் அண்ணனுக்கு மீண்டும் ஒரு பதிவு அனுப்பினேன். ‘ஒலி’ இப்போது ஒலியாகவே இருக்கிறதாம். ‘நூல்’ மட்டும், வேகமாகப் பேசினால், மூன்றில் ஒரு முறை கிணற்றில் விழுந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறார். இந்த வாரத் துண்டு அதற்காகத்தான்.